பை விளம்பரப் படங்கள்: மூன்று திருத்தச் சுற்றுகளும் எப்படி நடக்கும்

வணக்கம் மேடம்,

ஆறு படங்களின் முதல் மாதிரிகள் இன்று மாலை ஃபோல்டரில் இருக்கும். திறக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஏஐயில் உருவாக்கிய படத்தில் எல்லாம் ஒரே தளத்தில் ஒட்டியிருக்கும். ஒன்றை மட்டும் தனியே நகர்த்த முடியாது.

முதல் சுற்று தேர்வுக்கு மட்டும். படத்துக்கு நான்கு மாதிரி வரும். ஆள், கேமரா கோணம், வெளிச்சம், பின்னணி நான்கையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். பிறகு "கேமரா மட்டும் கொஞ்சம் கீழே" என்று கேட்டால் படம் முழுக்கப் புதிதாகத்தான் வரும். படத்தின் தொடக்கப் புள்ளியை நிர்ணயிக்கும் சீட் எண்ணை அப்படியே வைத்தாலும், ஏஐக்கு எழுதும் பிராம்ப்டில் ஒரு சொல் மாறினால் முகமும் சட்டை மடிப்பும்கூட மாறிவிடும். பை உங்கள் உண்மையான போட்டோ என்பதால், புதுக் கோணத்துக்குப் புதுப் போட்டோவும் வேண்டும். ஆகவே அது திருத்தமல்ல, புது வேலை, தனியாகக் கணக்கிடுவேன்.

இரண்டாவது சுற்றில், குறிப்பிட்ட இடத்தை மட்டும் மாஸ்க் போட்டு மறுபடி உருவாக்குவேன். இரண்டாம் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பையின் தோள்வாரிலுள்ள பக்கிள் சட்டைக்குள் கரைந்து போயிருக்கிறது, பின்னால் நிற்பவரின் கையில் ஆறு விரல். இந்த மாதிரிப் பிழைகள் என் பொறுப்பு, சுற்றுக் கணக்கில் வராது. நீங்கள் தேடித் தேடி எழுத வேண்டியதில்லை.

மாதிரிகளில் கடைப் பலகை எழுத்துகள் கிறுக்கலாகத் தெரியும். அவற்றை விட்டுவிடுங்கள், அழித்துவிடுவேன். உங்கள் லோகோவையும் தமிழ் வாசகத்தையும் மூன்றாவது சுற்றில் தனி லேயரில் நானே வைப்பேன். வாசகத்தை அதுவரை மாற்றலாம். நிறச் சரிசெய்தலும் 1080×1350, 1080×1920 அளவுகளும் அந்தச் சுற்றில்தான். நெட்டை அளவுக்கு மேலும் கீழும் பின்னணியை நீட்ட வேண்டியிருக்கும். அந்த ஓரங்களை மட்டும் உன்னிப்பாகப் பாருங்கள்.

ஸ்டாண்டியும் வேண்டுமானால் முதல் சுற்றிலேயே சொல்லுங்கள். 1024 பிக்சல் அகலப் படம் 300 டிபிஐயில் 9 செ.மீ.கூட வராது. அப்ஸ்கேல் செய்தால் தோலும் துணியும் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும், அந்த இடங்களைக் கையால் சரிசெய்ய இரண்டு நாள் கூடுதலாக ஆகும்.

கருத்துகளை உங்கள் குழுவில் ஒருவரே தொகுத்து, சுற்றுக்கு ஒரே பட்டியலாக அனுப்பட்டும். மார்க்கெட்டிங் ஒன்றும் விற்பனைப் பிரிவு வேறொன்றும் கேட்டால் ஒரு சுற்று அதிலேயே போய்விடும். "இன்னும் பிரீமியமாக" என்று எழுதினால் எனக்குப் புரியாது. "படம் 4, இடது மூலை, தெருவிளக்கின் மஞ்சள் பையின் நீலத்தை மங்க வைக்கிறது" என்று எழுதினால் அன்றே முடித்துவிடலாம்.

முதல் பட்டியல் புதன் மாலைக்குள் வந்தால் வெள்ளிக்கிழமை இரண்டாவது சுற்றை அனுப்பிவிடுவேன். பையின் பக்கவாட்டுப் போட்டோ இன்னும் வரவில்லை. ஐந்தாம் படத்துக்கு அது வேண்டும், நாளையே அனுப்புங்கள்.

நன்றி.