கயலுக்கு: பதிப்பாசிரியர் கடிதம், திருத்தியது

அன்புள்ள கயல்,

நேற்று இரவு கட்டுரையையும் இதழுக்குப் போக வேண்டிய கடிதத்தையும் சேர்த்தே படித்தேன். கட்டுரையில் நான் கை வைக்க ஒன்றுமில்லை. அடிக்குறிப்பில் இரண்டு எழுத்துப்பிழை, மஞ்சளில் குறித்திருக்கிறேன். கடிதம்தான் சரியில்லை. கட்டுரையை எழுதியவள் அச்சகத் தூசியில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவள். கடிதத்தை எழுதியவள் ஆண்டு விழாவுக்கு வரவேற்புரை எழுத வந்தவள். கோபித்துக்கொள்ளாதே அம்மா, என் முதல் கடிதமும் இப்படித்தான் இருந்தது.

நீ எழுதியதை இங்கேயே ஒட்டுகிறேன், பக்கத்தில் வைத்துப் பார்க்க வசதியாக இருக்கும்.

"பெருமதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் ஐயா அவர்களுக்குப் பணிவான வணக்கங்கள். தமிழ் மொழி உலகின் தொன்மையான மொழிகளுள் ஒன்று என்பதும் அதன் எழுத்து வடிவங்கள் காலந்தோறும் மாறிவந்துள்ளன என்பதும் தாங்கள் அறிந்ததே. தந்தை பெரியார் 1935ஆம் ஆண்டு குடி அரசு இதழில் சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1978ஆம் ஆண்டு தமிழக அரசு அவற்றை ஏற்று ஆணை பிறப்பித்தது. இச்சீர்திருத்தம் குறித்துப் பல ஆய்வுகள் வந்துள்ளபோதிலும், அச்சகங்களின் நோக்கில் போதிய ஆய்வுகள் நிகழவில்லை. அவ்வகையில் முதன்முறையாக இக்கட்டுரை பத்திரிகைகளை ஆராய்ந்து பல புதிய முடிவுகளை முன்வைக்கிறது. தங்களின் புகழ்பெற்ற ஆய்விதழில் இக்கட்டுரை வெளிவருமாயின் அது எனக்குக் கிடைத்த பெரும்பேறாக அமையும். ஆகவே, இக்கட்டுரையைப் பரிசீலித்து வெளியிட்டு உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

ஒரு காலாண்டிதழில் ஆறு வருஷம் கட்டுரை பிரித்துக் கொடுக்கும் வேலை பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். வந்த மின்னஞ்சலைத் திறந்ததும் நான் தேடியது இரண்டே விஷயம். இதில் புதிதாக என்ன இருக்கிறது? இது ஏன் எங்களுக்கு வந்திருக்கிறது? உன் கடிதத்தில் முதல் கேள்விக்குப் பதில் "பல புதிய முடிவுகள்". என்ன முடிவு என்று சொல்லவில்லை. இரண்டாவதற்குப் பதில் "புகழ்பெற்ற". அதை எந்த இதழுக்கும் எழுதலாம். 1935ம் 1978ம் பதிப்பாசிரியருக்கு மனப்பாடம்; அதை அவருக்கே சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்புறம், "பத்திரிகைகளை ஆராய்ந்து" என்கிறாய். நாளிதழ்கள் என்று நினைத்துவிடுவார். உன் பத்திரிகை கல்யாணப் பத்திரிகை! கட்டுரையின் உயிரே அதுதான், கடிதத்தில் அது ஒளிந்துகொண்டிருக்கிறது. "அழைப்பிதழ்" என்று போட்டுவிடு, குழப்பமே இல்லை.

இனி நான் செய்தது. உன் கட்டுரையிலேயே 14ஆம் பக்கத்தில், நடுவில் போகிற போக்கில் ஒரு பத்தி வருகிறதே, 1984 அழைப்பிதழ் பற்றி: மணமகள் கலைச்செல்வியின் பெயர் 24 பாயிண்டில், அதிலுள்ள "லை" பழைய தும்பிக்கை வடிவம். அதற்கு நாலு வரி கீழே "காலை 7.30 மணிக்கு மேல்" என்று 12 பாயிண்டில், அந்த "லை" புது வடிவம். ஒரே அட்டை, ஒரே கம்பாசிட்டர், ஒரே நாள். இதைப் படித்தபோது எனக்கு டம்ளரைக் கீழே வைக்கத் தோன்றியது. சின்ன எழுத்து தினமும் அடிபட்டுத் தேய்கிறது, அதனால் சீக்கிரமே எழுத்து வார்க்கும் ஃபவுண்டரியிலிருந்து புதிதாக வாங்குகிறார்கள், வாங்கும்போது புது வடிவமே வருகிறது. பெரிய எழுத்து எப்போதோ ஒருமுறைதான் கேஸிலிருந்து வெளியே வரும், தேயவே தேயாது. கொட்டிக்கொடுத்து வாங்கிய ஈயத்தை யார் உருக்கப் போடுவார்கள்? இதைச் சொல்கிற வாக்கியம் கடிதத்தில் ஒன்றுகூட இல்லை. நான் அதைத்தான் நடுவில் நிறுத்தியிருக்கிறேன்.

முதல் தடவை மூன்று வாக்கியம் எழுதிப் பார்த்தது இப்படி வந்தது:

"1978 எழுத்துச் சீர்திருத்தம் அச்சகங்களில் படிப்படியாகவே நடைமுறைக்கு வந்தது என்பதை 612 திருமண அழைப்பிதழ்களைக் கொண்டு இக்கட்டுரை நிறுவுகிறது. இம்மாற்றத்திற்குப் பொருளாதாரக் காரணங்கள் இருந்தன. அச்சுப் பண்பாட்டில் ஆர்வமுள்ள தங்கள் வாசகர்களுக்கு இது பயன்படும்."

வேண்டாம் என்று அழித்தேன். "படிப்படியாக" என்பது யாரும் யோசிக்காமலே சொல்லக்கூடியது. "பொருளாதாரக் காரணங்கள்" என்பது ஒரு பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து காட்டவில்லை. 612 என்கிற எண்ணும் என்னை உறுத்தியது. உன் அட்டவணையைத் திரும்பப் பார்த்தேன்: மாறிய 13 எழுத்துகளில் ஏதாவது ஒன்று சிறிய அளவிலும் பெரிய அளவிலும் ஒருசேர வருகிற அழைப்பிதழ் 187தான். முகூர்த்தம் பெரும்பாலும் காலையில் என்பதால் சின்ன எழுத்தில் "லை"க்குப் பஞ்சமில்லை. பெரிய எழுத்தில் வர வேண்டுமென்றால் அண்ணாமலையோ மணிமேகலையோ கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும். உன் வாதம் நிற்பது அந்த 187இன் மேல். 612 என்று எழுதி, மதிப்பீட்டாளர் 187ஐக் கண்டுபிடிப்பதைவிட, இரண்டையும் நாமே சொல்லிவிடுவது மேல்.

"முதன்முறையாக" என்பதையும் எடுத்துவிட்டேன். யாராவது எங்காவது ஒரு கருத்தரங்கத் தொகுப்பில் எழுதியிருந்தால் மொத்தக் கடிதமும் பொய்யாகிவிடும்.

பொருத்தம் பற்றிய வாக்கியத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. இதழின் கடைசி எட்டு இதழ்களின் உள்ளடக்கத்தைப் புரட்டினேன். சீர்திருத்தம் பற்றி இரண்டு கட்டுரை வந்திருக்கிறது, இரண்டும் ஆணையையும் அதைச் சுற்றிய விவாதத்தையும் பேசுபவை. ஆணை வெளிவந்த பிறகு கம்பாசிட்டர் கையில் என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்கவில்லை. உன் கட்டுரை அந்த இடத்தில் போய் உட்காருகிறது. இதைப் புகழ்ச்சி இல்லாமல் சொன்னாலே போதும்.

இதோ, அனுப்ப வேண்டியது:

பொருள்: கட்டுரைச் சமர்ப்பிப்பு – "ஒரே அட்டையில் இரண்டு 'லை': தஞ்சை வட்டார அச்சகங்களில் எழுத்துச் சீர்திருத்தம், 1975–1990"

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கண்ட கட்டுரையைத் தங்கள் இதழின் பரிசீலனைக்கு அனுப்புகிறேன்.

1978 அரசாணை 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றிய பின், புது வடிவம் சிறு அச்சகங்களுக்குள் எப்படி நுழைந்தது என்பதை, தஞ்சை வட்டாரத்தின் 4 லெட்டர்பிரஸ் அச்சகங்கள் மாதிரிக்கென்று சேர்த்துவைத்திருந்த 612 திருமண அழைப்பிதழ்களிலிருந்து, மாறிய எழுத்துகள் இரு அளவிலும் வரும் 187ஐத் தேர்ந்து இக்கட்டுரை ஆராய்கிறது. அந்த மாற்றத்தைத் தீர்மானித்தது ஆண்டைவிட எழுத்தின் அளவே என்பது என் முடிவு: அடிக்கடி தேய்ந்து புதிதாக வாங்கப்பட்ட சிறிய எழுத்துகளில் புது வடிவம் முதலில் வந்தது, தேயாத பெரிய எழுத்துகளில் பழைய வடிவம் பல ஆண்டுகள் தங்கியது, அதனால் ஒரே அழைப்பிதழில் இரண்டு வடிவமும் அருகருகே அச்சாயின. தங்கள் இதழில் இச்சீர்திருத்தம் குறித்து வெளிவந்த கட்டுரைகள் ஆணையையும் அதற்கு முன்னான விவாதத்தையும் எடுத்துக்கொண்டவை. ஆணைக்குப் பின் அச்சுக்கோப்பவரின் மேசையில் நடந்ததைச் சொல்லும் இக்கட்டுரை அந்த உரையாடலின் தொடர்ச்சியாக அமையும் என்று கருதி அனுப்புகிறேன்.

கட்டுரை 7,400 சொற்கள், 9 படங்கள். பழைய வடிவங்களுக்கு ஒருங்குறியில் தனிக் குறியீடு இல்லாததால் அவை வரும் இடங்களில் படமாகவே இணைத்திருக்கிறேன். அச்சின்போது அவை எழுத்துருவால் மாற்றப்படாமல் இருக்க வேண்டும். படங்களை வெளியிட அச்சக உரிமையாளர்கள் எழுத்தில் ஒப்புதல் தந்திருக்கிறார்கள். அழைப்பிதழ்களில் உள்ள முகவரிகளை மறைத்திருக்கிறேன். தங்கள் விதிப்படி, கட்டுரைக் கோப்பில் என் பெயரோ நிறுவனமோ இல்லை. இக்கட்டுரை வேறெங்கும் வெளியாகவில்லை, வேறு இதழின் பரிசீலனையிலும் இல்லை. இதற்கு நிதியுதவி எதுவும் பெறவில்லை.

அன்புடன்,
கயல்விழி
முனைவர் பட்ட ஆய்வாளர், தமிழ்த்துறை

அவ்வளவுதான். "பரிசீலித்து வெளியிட்டு உதவுமாறு" என்கிற கெஞ்சலை நான் எங்கும் வைக்கவில்லை. "வணக்கம்", "மதிப்பிற்குரிய" இரண்டுமே போதிய மரியாதை.

இரண்டாவது வாக்கியத்தில் "என் முடிவு" என்று இருப்பதை "இக்கட்டுரையின் முடிவு" என்று மாற்ற உனக்குக் கை பரபரக்கும். மாற்றாதே. அழைப்பிதழ்களைத் தரையில் பரப்பி எண்ணியது நீ. "பல ஆண்டுகள்" என்பதை மட்டும் ஒருமுறை சரிபார்: 1989 அழைப்பிதழில் பழைய "ணை" இருப்பதாக அட்டவணை சொல்கிறது, படம் 7இல் எனக்கு அது தெளிவாகத் தெரியவில்லை. மை பரவியிருக்கிறது. அது புது வடிவமாக இருந்துவிட்டால் உன் கடைசிப் பழைய எழுத்து 1987க்குப் போய்விடும். முடிவு மாறாது, ஆனால் அட்டவணையும் படக்குறிப்பும் மாற வேண்டும்.

இன்னொன்று. மூன்றாவது அச்சகத்துப் பெரியவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரா, வாயால் சொன்னாரா? "எழுத்தில்" என்று கடிதத்தில் போட்டிருக்கிறேன். வாயால் மட்டும் சொல்லியிருந்தால், சனிக்கிழமை போய் ஒரு தாளில் வாங்கிக்கொண்டு வந்துவிடு, அதற்குப் பிறகு அனுப்பலாம். போகும்போது அந்தக் கலைச்செல்வி அட்டையின் மூலத்தையும் ஒருமுறை கேட்டுப் பார். நீ கொடுத்த ஸ்கேனில் இடது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது.

அன்புடன்,
உன் நெறியாளர்