பொருள்: கோயில் தமிழ் வகுப்பு பற்றி உங்களிடம் நேரில் பேச அனுமதி கேட்டு

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க வந்து உங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கிய யாங்கூன் மாமாவின் தங்கை மகள் நான். பெயர் செல்வி. போனில் பேசினால் பாதியில் அறுந்துவிடும், நிதானமாகப் படிக்கிற மாதிரி எழுதிப் போடு என்று மாமாதான் சொன்னார். கடிதம் கொஞ்சம் நீளம். அறுப்பு வேலை முடிந்து ஓய்வாக இருக்கும்போது படித்தால் போதும், அவசரம் இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது யாங்கூனில். இப்போது சென்னையில் மானுடவியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆனபோது நம் தமிழ்ப் பள்ளிகளும் போய்விட்டன. அதற்குப் பிறகு பர்மாவில் பிள்ளைகள் தமிழ் எழுதப் படிக்க எப்படிக் கற்றார்கள், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான் என் ஆய்வு. 1942இல் நடந்தே போனவர்களைப் பற்றியும் 1964க்குப் பின் கப்பலேறிப் போனவர்களைப் பற்றியும் பலர் எழுதியிருக்கிறார்கள். பர்மாவிலேயே இருந்துகொண்டு, கோயில் மண்டபத்தில் பாய் விரித்து அ, ஆ எழுதவைத்தவர்களைப் பற்றி நான் தேடிய வரையில் மிகக் குறைவாகத்தான் கிடைக்கிறது. அதைச் செய்தவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. இப்போது கேட்டு எழுதாவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது என்ற பயம் எனக்கு உண்டு.

இந்த எண்ணம் வந்தது என் அம்மாச்சியின் ஒரு நோட்டால். அவர் இறந்த பிறகு பெட்டியைத் திறந்தபோது கிடைத்தது. நாற்பது பக்க நோட்டு, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. உள்ளே முருகன் பாட்டுகள், எல்லாம் தமிழ்ப் பாட்டு, ஆனால் எழுதியிருப்பது பர்மிய எழுத்தில். வாய்விட்டுப் படித்தால் தமிழ் வருகிறது. ‘ழ’ வருகிற இடத்தில் மட்டும் அதற்குப் பர்மிய எழுத்து கிடைக்காமல் தமிழ் எழுத்தையே போட்டிருக்கிறார். வட்ட வட்டமான எழுத்துகளுக்கு நடுவே அந்த ஒரு ‘ழ’ தனியாக நிற்கிறது, சில இடங்களில் இரண்டு முறை அழுத்தி எழுதியிருக்கிறார். அந்த எழுத்தை அவருக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று எனக்குத் தெரியவில்லை. உயிரோடு இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை.

உங்களைப் பற்றி மாமா இரண்டு விஷயம் சொன்னார். தமிழ்ப் பள்ளியை மூடியபோது உங்களுக்குப் பத்து வயது இருக்கும் என்பது ஒன்று. பிறகு முப்பது வருடத்துக்கு மேல், பள்ளி விடுமுறை விடுகிற மார்ச் முதல் மே வரை, ஒவ்வொரு வருடமும் கோயிலில் வகுப்பு எடுத்தீர்கள் என்பது இன்னொன்று. இழந்ததையும் பார்த்து, அதை மறுபடி கையால் கட்டியவர் நீங்கள். அதனால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்க நினைப்பவை இந்த மாதிரி: பாடப் புத்தகம் எங்கிருந்து வந்தது, கிடைக்காத வருடங்களில் எதை வைத்து ஓட்டினீர்கள்? பலகையா, நோட்டா, மணலா? பெண் பிள்ளைகளை அனுப்பினார்களா? வீட்டில் பர்மிய மொழி மட்டும் பேசுகிற பிள்ளைக்கு முதல் வாரம் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எந்த எழுத்து அவர்களுக்கு வராது? ஒரு பிள்ளை வகுப்பை விட்டுப் போனால் தேடிப் போவீர்களா? நீங்கள் பேச விரும்புவது வேறாக இருந்தால் அப்படியே பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

நான் கேட்காதவற்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அரசியல் கேட்கமாட்டேன். யாரிடம் எந்த நிற அடையாள அட்டை இருக்கிறது என்று கேட்கமாட்டேன். எந்த வீட்டில் எந்த வயதுப் பையன் இருக்கிறான், யார் பிள்ளை எந்த நாட்டில் வேலை பார்க்கிறது என்றும் கேட்கமாட்டேன். பேச்சுவாக்கில் அப்படி ஏதாவது வந்துவிட்டால் அந்த இடத்தை எழுத்தில் கொண்டுவரமாட்டேன், ஒலிப்பதிவிலும் அழித்துவிடுவேன்.

இனி உங்கள் பெயரையும் பேச்சையும் எப்படிப் பாதுகாப்பேன் என்பது. இதை நான் மிகவும் யோசித்தேன் ஐயா.

நம் ஆட்கள் பெரும்பாலோருக்கு இரண்டு பெயர். பள்ளியிலும் அட்டையிலும் பர்மியப் பெயர், வீட்டிலும் கோயிலிலும் தமிழ்ப் பெயர். அந்த இரண்டில் எதையும் நான் எழுதப்போவதில்லை. மூன்றாவதாக ஒரு பெயர் வைப்பேன், அதை நீங்களே சொல்லலாம். ஆனால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது என்பது எனக்குத் தெரியும். ‘இன்ன ஊர்க் கோயில் தலைவர்’ என்று எழுதினாலே பக்கத்து ஊர்க்காரருக்கு யாரென்று புரிந்துவிடும். அதனால் ஊரைச் சொல்லாமல் ‘கீழ் பர்மாவில் ஓர் ஊர்’ என்றும், உங்களை ‘வகுப்பு எடுத்த பெரியவர்’ என்றும்தான் எழுதுவேன். கோயிலின் சாமி பெயரும் வராது. அப்படியும் உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவர் படித்தால் கண்டுபிடிக்க வாய்ப்பு இருக்கிறது. அதை முழுக்கத் தடுத்துவிடுவேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. இதை மறைக்காமல் சொல்வதுதான் முறை. இந்தக் கடிதத்தில் உங்கள் பெயர், ஊர்ப் பெயர் எதையும் எழுதாமல் விட்டதற்கும் காரணம் இதுதான், மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் சரி என்றால் மட்டும் பேச்சைப் பதிவு செய்வேன். போனில் பதிய மாட்டேன். இணையத்தோடு தொடர்பில்லாத சின்ன ரெக்கார்டர் ஒன்று இருக்கிறது, அதில்தான். அதையும் பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைய மாட்டேன்: அன்று இரவே கேட்டு எழுதி, பெயர்களை எடுத்துவிட்டு, கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பிறகு ஒலியை அழித்துவிடுவேன். பதிவே வேண்டாம் என்றால் கையால் குறித்துக்கொள்கிறேன், மெதுவாகப் பேசினால் போதும். படம் எடுக்கமாட்டேன். பழைய நோட்டு, பலகை ஏதாவது இருந்து நீங்களாகக் காட்டினால் அதை மட்டும், ஆள் முகமும் பெயரும் இல்லாமல், உங்களைக் கேட்டுவிட்டு எடுப்பேன்.

சம்மதத்துக்குக் கையெழுத்துக் கேட்பது வழக்கம். அங்கே கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று யார் வீட்டிலும் இருக்க வேண்டாம் என்று பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கேட்டேன், வாய்ச் சொல்லே போதும் என்று ஒப்புக்கொண்டார்கள். பேசத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் ஒரு முறை வாசித்துக் காட்டுவேன், நீங்கள் ‘சரி’ என்றால் தொடங்குவோம். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விடலாம். நடுவில் போதும் என்றால் எழுந்துவிடுகிறேன். பேசி முடித்து நான் சென்னைக்குத் திரும்பிய பிறகும், ஜூன் மாதக் கடைசி வரை, ‘என் பேச்சை எடுத்துவிடு’ என்று சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுவேன். அதன் பிறகு ஆய்வேட்டை ஒப்படைத்துவிடுவேன், எடுப்பது கஷ்டம். அதனால்தான் அந்தத் தேதி.

எழுதியதை என்ன செய்வேன் என்று நீங்கள் கேட்பது நியாயம். முதலில் ஆய்வேடு, அது நூலகத்தில் இருக்கும், யாரும் படிக்கலாம். அதிலிருந்து ஒன்றிரண்டு கட்டுரை ஆய்விதழில் வரும். அப்புறம் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது ஒன்று: அங்கே இப்போது வகுப்பு எடுக்கிற அக்கா, அண்ணன்மார்களுக்குப் பயன்படுகிற மாதிரி, எந்த எழுத்தை எப்படிச் சொல்லிக்கொடுத்தால் பர்மியப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு ஏறும் என்று ஒரு சின்னக் கையேடு, தமிழிலும் பர்மிய மொழியிலும். விற்க மாட்டேன், கேட்கிற கோயிலுக்குக் கொடுப்பேன். நீங்கள் சொன்னது வரும் பக்கங்களை எங்கும் கொடுக்கும் முன் உங்களுக்கு அனுப்பி வாசித்துக் காட்டுவேன். தவறு இருந்தால் திருத்துங்கள், வேண்டாத வரியை அடியுங்கள். பத்திரிகை, தூதரகம், கட்சி, அரசு அலுவலகம் யாருக்கும் பேச்சையோ குறிப்பையோ தரமாட்டேன். ஃபேஸ்புக்கில் ஒரு வரிகூடப் போடமாட்டேன். ஆய்வுக்குப் பல்கலைக்கழக உதவித்தொகை மட்டும்தான், வேறு யார் பணமும் இல்லை.

இதனால் உங்களுக்குக் கிடைக்கப்போவது அதிகம் இல்லை ஐயா. பேசுவதற்குப் பணம் தரவும் மாட்டேன், அதற்கு ஈடாகக் கோயிலுக்கு நன்கொடை எழுதவும் மாட்டேன். அப்படிச் செய்தால் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு வேண்டுகோள். ஊரில் வேறு யாரிடம் பேசலாம் என்று நீங்கள் சொன்னால் உதவியாக இருக்கும். ஆனால் தயவுசெய்து நீங்களே போய் ‘அந்தப் பெண்ணிடம் பேசுங்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் வார்த்தையை யாரும் தட்டமாட்டார்கள், மனம் இல்லாதவரும் வந்து உட்கார்ந்துவிடுவார். நான் வந்திருக்கிறேன் என்று மட்டும் தெரிந்தால் போதும், விரும்பியவர் அவராக வரட்டும். நீங்களும் அப்படித்தான். மாமாவின் முகத்துக்காகச் சம்மதிக்க வேண்டாம். நீங்கள் முடியாது என்றாலும் மாமாவுக்கு வருத்தம் வராது, அவரிடம் முன்பே பேசிவிட்டேன்.

ஜனவரி 6 முதல் 24 வரை யாங்கூனில் இருப்பேன். பொங்கல் வாரத்தில் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, அதை விட்டுவிடுவோம். மற்ற நாளில் ஒரு காலைப் பொழுது, ஒன்றரை மணி நேரம் போதும். வெயில் ஏறுவதற்குள் முடித்து இருட்டுமுன் நான் திரும்பிவிட வேண்டும். உங்கள் வீடோ, கோயில் மண்டபமோ, எது உங்களுக்கு நிம்மதியோ அங்கே வருகிறேன். நான் ஊருக்கு வருவதே சரியில்லை என்று தோன்றினால், நீங்கள் வேறு வேலையாக யாங்கூன் வரும்போது மாமா வீட்டில் பேசலாம். நிலைமையைப் பார்த்து வேண்டாம் என்று அன்று காலையில் சொன்னாலும் சரிதான்.

இதோடு இரண்டு பக்கத் தாள் ஒன்றை, தமிழிலும் பர்மிய மொழியிலும், இணைத்திருக்கிறேன். என் துறை, வழிகாட்டிப் பேராசிரியர், நெறிமுறைக் குழு ஆகியவற்றின் முகவரியும் போன் எண்ணும் அதில் இருக்கின்றன. என்மேல் குறை ஏதும் இருந்தால் என்னைக் கேட்காமலே அவர்களிடம் சொல்லலாம். படித்ததும் இந்த மெயிலை அழித்துவிட நினைத்தால் அழித்துவிடுங்கள், தாளை மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன்.

சம்மதமா இல்லையா என்று மாமாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதில் எழுத வேண்டியதில்லை. சம்மதம் என்றால் வரும்போது அம்மாச்சியின் நோட்டைக் கொண்டுவருகிறேன். அந்த ‘ழ’வை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

வீட்டில் அம்மாவுக்கும் எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செல்வி