தொல்பொருள் சான்று எதை நிறுவும், எதை நிறுவாது: சிறு குறிப்பு வினாக்கள்

இளங்கலை வரலாறு, முதலாண்டு, அகமதிப்பீட்டுத் தேர்வு
நேரம்: 1 மணி. மதிப்பெண்: 25

ஏதேனும் ஐந்தனுக்கு விடை எழுதுக (5 × 5). ஒவ்வொன்றும் 80 சொற்களுக்கு மிகாமல் இருக்கட்டும். அகழாய்வில் கிடைத்ததையும் அதிலிருந்து ஊகித்ததையும் தனித்தனி வாக்கியங்களில் எழுதுக. இரண்டும் கலந்துவிட்டால் 2 மதிப்பெண் குறையும்.

1. மொகஞ்சதாரோ எலும்புக்கூடுகள்: தெருக்களிலும் அறைகளிலும் கிடந்த சுமார் 37 எலும்புக்கூடுகளை, ஆரியர் படையெடுப்பில் நடந்த படுகொலைக்குச் சான்றாக மார்ட்டிமர் வீலர் கொண்டார். அவை ஒரே காலத்தவை அல்ல என்று 1964இல் ஜார்ஜ் டேல்ஸ் மறுத்தார். படுகொலை என்று சொல்ல எலும்பிலும் மண்ணடுக்கிலும் என்னென்ன தடயங்கள் வேண்டும்? அவை முழுதும் கிடைத்தாலும், தாக்கியவர் பேசிய மொழி ஏன் தெரியவராது?

2. கீழடியின் கி.மு. 580: 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிம மாதிரிக்குக் கிடைத்த காலம் இது. அதே ஆழத்தில் கிடந்த பானை ஓட்டுக்கும் இக்காலத்தைச் சொல்ல, மண்ணடுக்கு எப்படி இருந்திருக்க வேண்டும்? எலிவளை, பிற்காலத்தில் தோண்டிய குழி, வெட்டுவதற்கு முன்பே நெடுங்காலம் நின்ற மரத்தின் கரி ஆகிய மூன்றில் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றும் காலத்தை எந்தப் பக்கம் தள்ளும் என்று காட்டுக. (பல மாணவர்கள் ஆழத்தையே காலமாக எண்ணிவிடுகிறார்கள். பக்கத்துக் குழியில் அதே ஆழம் வேறு நூற்றாண்டாக இருக்கலாம்.)

3. ‘ஆதன்’: கீழடி ஓடுகளில் தமிழி எழுத்தில் இப்படிப் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. சுடுமுன் கீறியதா, சுட்டபின் கீறியதா என்பதைக் கீறலின் விளிம்பைப் பார்த்து எப்படி அறிவீர்? கீறியவர் குயவரா, உடைமையாளரா என்ற கேள்விக்கு அது எவ்வளவு உதவும்? ஊரில் எத்தனை பேருக்கு எழுதத் தெரியும் என்பதை ஓடுகளை எண்ணி ஏன் கணக்கிட முடியாது?

4. அரிக்கமேட்டு ஆம்போராக்கள்: மத்தியதரைக் கடல் பகுதி மதுச்சாடிகள் இங்கே கிடைத்தன. பண்டம் வந்தது உறுதி. மக்களும் வந்து குடியேறினார்கள் என்று சொல்ல வேறென்ன கிடைக்க வேண்டும்?

5. ஹரப்பா எடைக்கற்கள்: சுமார் 13.6 கிராம் அலகு தொலைதூர ஊர்களிலும் ஒத்திருக்கிறது. அதை வைத்து ஒரே அரசு இருந்தது என்று சொல்லலாமா? வணிகர்களே ஒரு பொது அளவையைக் காத்திருக்க முடியுமா? எழுத்து இன்னும் படிக்கப்படாத நிலையில், இவ்விரண்டில் ஒன்றை வலுப்படுத்தக்கூடிய வேறொரு சான்றைக் குறிப்பிடுக.

6. கிடைக்காதது: ஒரு வாழ்விடத்தில் வழிபாட்டுப் பொருள் எதுவும் கிடைக்கவில்லை. ‘இங்கே சமயமே இல்லை’ என்று எழுதும் முன், தோண்டிய பரப்பு எவ்வளவு, மரம், துணி, பூ ஆகியவை அந்த மண்ணில் தங்குமா, சல்லடையின் கண் எவ்வளவு பெரியது ஆகிய மூன்றையும் சோதித்துக் குறிப்பு வரைக.