தொடக்கநிலை 6 தமிழ் வகுப்பு: மே 22 பெற்றோர் சந்திப்பில் முடிவானவை, நாள்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்த கையோடு நேரே பள்ளிக்கு வந்து கலந்துகொண்ட 11 குடும்பங்களுக்கும் நன்றி. வர இயலாத மூன்று குடும்பங்களும் இந்த மின்னஞ்சலைப் படித்தால் போதும், எதுவும் விட்டுப்போகாது. ஏதாவது புரியவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள்.

குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைக்க வசதியாக, தேதிகளை முதலில் தருகிறேன்.

மே 28, வியாழன்: புதன்கிழமை வகுப்புக்குப் பிள்ளை வருமா என்று பதில் தர வேண்டிய கடைசி நாள்
ஜூன் 9, 11 (செவ்வாய், வியாழன்), காலை 8 முதல் 10 வரை: விடுமுறைக்கால வகுப்பு
ஜூன் 7, 14, 21, 28, ஞாயிறு இரவு 9 மணிக்குள்: குரல்பதிவு
ஜூன் 30, செவ்வாய்: திருத்தி எழுதிய கட்டுரைகள் என் கைக்கு வர வேண்டும்
ஜூலை 8 முதல் புதன்கிழமைகளில், பிற்பகல் 2.30 முதல் 3.30 வரை: கூடுதல் வகுப்பு
ஜூலை 11, சனி, காலை 9 முதல் 11 வரை: பெற்றோர் நடத்தும் உரையாடல் பயிற்சி
ஜூலை 14, செவ்வாய்: பள்ளியின் முன்னோடி வாய்மொழித் தேர்வு
ஜூலை 24, வெள்ளி, இரவு 7.30: ஸூம் வழி அடுத்த சந்திப்பு

ஒரு திருத்தம். பதில் தர வேண்டிய நாள் மே 27 என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன். அன்று ஹஜ்ஜுப் பெருநாள், பொது விடுமுறை. அதனால் 28 என்று மாற்றியிருக்கிறேன்.

கூட்டத்தில் அதிக நேரம் பேசியது வாய்மொழித் தேர்வைப் பற்றித்தான். பிஎஸ்எல்இ தமிழ்த் தேர்வின் மொத்தம் 200 மதிப்பெண்ணில் 50 வாய்மொழிக்கு, 20 கேட்டல் கருத்தறிதலுக்கு. எழுத்துத் தேர்வுக்கு முன்பே, ஆகஸ்டில் வாய்மொழி வந்துவிடும். "வீட்டில் பேசினால் புரிந்துகொள்கிறான், ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வருகிறது" என்று உங்களில் குறைந்தது ஆறு பேர் சொன்னீர்கள். வகுப்பில் நான் பார்ப்பதும் அதேதான்.

சென்ற வாரம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உணவங்காடி நிலையத்தில் ஒரு முதியவர் தட்டைத் தூக்கிக்கொண்டு இடம் தேடி அலையும் காணொளியைப் போட்டேன். "நீ இப்படி யாருக்காவது உதவியிருக்கிறாயா?" என்று ஒரு பிள்ளையிடம் கேட்டேன். அரை நிமிடம் மௌனம். நாக்கு நுனியில் ஆங்கிலம் நிற்பது முகத்திலேயே தெரிந்தது. "சரி, உன் பாட்டி சந்தைக்குப் போகும்போது யார் பையைத் தூக்குவார்கள்?" என்று கேட்டதும், மின்தூக்கி பழுதான நாளில் நான்காம் மாடி வரை அரிசிப் பையைத் தூக்கிய கதை முழுதாக வந்தது. இரண்டு இடத்தில்தான் ஆங்கிலச் சொல் கலந்தது. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் இருக்கிறது; வாய்விட்டுப் பேசும் பழக்கம்தான் விட்டுப்போயிருக்கிறது. அது என் வகுப்பில் மட்டும் திரும்பி வராது.

அதனால், தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம் வீட்டில் எல்லாரும் தமிழில் பேசுவது என்று ஒத்துக்கொண்டோம். அந்த நேரத்தில் கைத்தொலைபேசி வேண்டாம், பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான். "இன்றைக்குப் பள்ளி எப்படி?" என்றால் "ஓகே" என்று முடிந்துவிடும். "இன்று கேண்டீனில் யாரோடு உட்கார்ந்தாய், ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை தவறாகப் பேசினால் நடுவில் நிறுத்தித் திருத்த வேண்டாம்; முடித்த பிறகு சரியான சொல்லை நீங்கள் ஒருமுறை சொன்னால் போதும். இதை மிகவும் வேண்டிக் கேட்கிறேன். இரண்டு முறை திருத்தப்பட்ட பிள்ளை மூன்றாம் முறை வாயைத் திறப்பதில்லை.

வீட்டில் தமிழ் பேசாத இரண்டு குடும்பங்கள் கூட்டத்தில் தயங்கினீர்கள். தாத்தா பாட்டியோ சித்தப்பாவோ தொலைபேசியில் பேசினாலும் சரிதான். அதற்கும் வழியில்லை என்றால் சொல்லுங்கள், வாரம் ஒருமுறை பள்ளி முடிந்ததும் அந்தப் பிள்ளையோடு நானே உட்கார்ந்து பேசுகிறேன்.

குரல்பதிவு இரண்டு நிமிடம்தான். ஞாயிறுதோறும் ஒரு படமும் மூன்று கேள்விகளும் எஸ்எல்எஸ் தளத்தில் காலையிலேயே இருக்கும். எழுதிவைத்துப் படிக்காமல், மனத்தில் வருவதைப் பேச வேண்டும். ஒவ்வொரு பதிவையும் கேட்டு, அடுத்த புதன்கிழமைக்குள் நான் கருத்து அனுப்புவேன். விடுமுறையில் இந்தியா போகிறவர்கள் இருப்பதால், நான்கில் மூன்று அனுப்பினால் போதும் என்று முடிவு செய்தோம்.

அடுத்து கட்டுரை. அழகிய தொடர்களின் பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்கலாமா என்று சிலர் கேட்டீர்கள். இந்த விஷயத்தில் என் எண்ணம் உறுதியானது: வேண்டாம். "கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான்" என்று தொடங்கும் ஐந்து கட்டுரைகள் போன மாதம் என் மேசையில் இருந்தன. அவற்றில் இரண்டில் கதை நடப்பது இரவில். அதற்குப் பதிலாக, இந்த ஆண்டு திருத்திக் கொடுத்த கட்டுரைகளில் ஏதாவது இரண்டைப் பிள்ளைகள் விடுமுறையில் மறுபடி எழுதுவார்கள். ல, ள, ழ பிழைகளையும் ஒற்று விடுபட்ட இடங்களையும் அவர்களே தேடித் திருத்த வேண்டும். நீங்கள் திருத்திக் கொடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசிப்புக்கும் அது பயிற்சி.

கூடுதல் வகுப்பு வெள்ளிக்கிழமை வேண்டாம், இணைப்பாட நடவடிக்கையோடு மோதுகிறது என்று சொன்னீர்கள். புதனுக்கு மாற்றிவிட்டேன். கட்டணம் இல்லை. பிள்ளை மதிய உணவைக் கேண்டீனில் முடித்துக்கொள்ளலாம், அல்லது வீட்டிலிருந்து கொடுத்தனுப்பலாம். இந்த மின்னஞ்சலுக்கே 'வருவார்' அல்லது 'வரமாட்டார்' என்று ஒரு சொல் பதில் போட்டால் போதும்.

ஜூலை 11 பயிற்சிக்கு மூன்று பெற்றோர் முன்வந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பழகாத முகத்தைப் பார்த்துத் தமிழில் பேசுவதுதான் பிள்ளைகளுக்குப் பெரும் பயம். தேர்வறையில் அவர்கள் சந்திக்கப்போவதும் அதைத்தான். எவரும் தம் சொந்தப் பிள்ளையிடம் கேள்வி கேட்காதபடி பிரித்துவிடுவேன். கேள்விகளை ஜூலை 3 வெள்ளிக்கிழமை உங்களுக்கு அனுப்புகிறேன். இன்னும் ஒருவர் கிடைத்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு முறை வாய்ப்புக் கிடைக்கும்.

வாட்ஸ்அப் குழு வேண்டுமா என்பது முடிவாகவில்லை. வேண்டும் என்றவர்கள் ஐந்து பேர், வேண்டாம் என்றவர்கள் நான்கு பேர், இருவர் எதுவும் சொல்லவில்லை. ஜூலை 24 அன்று மீண்டும் பேசுவோம். அதுவரை மின்னஞ்சலும் பேரண்ட்ஸ் கேட்வேயும் இருக்கட்டும். வார நாள்களில் மாலை 6 மணி வரை வரும் கேள்விகளுக்கு அன்றே பதில் சொல்லிவிடுவேன்.

தனிப்பட்ட முறையில் என்னிடம் பேசிய பெற்றோருக்கு, அவரவர் பிள்ளையைப் பற்றிய குறிப்பைத் தனி மின்னஞ்சலில் வியாழக்கிழமைக்குள் அனுப்புகிறேன். நான் எழுதியதில் ஏதாவது கூட்டத்தில் பேசியதற்கு மாறாக இருந்தால் உடனே சொல்லுங்கள், திருத்தி மறுபடி அனுப்புகிறேன்.

அன்புடன்,
திருமதி கலைவாணி
தமிழாசிரியை, தொடக்கநிலை 6
மே 25, 2026