கணினி மொழியியல் இளங்கலைச் சேர்க்கை விண்ணப்பம்: தன்விளக்கம்

1. இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? (இடைவெளி உட்பட 600 குறிகளுக்குள்)

‘படிப்பு’ நான்கு எழுத்து. யூனிகோடில் அது ஏழு குறியீடு, UTF-8 கோப்பில் 21 பைட். இலக்கணம் ‘டி’யை ஓர் உயிர்மெய்யாக எண்ணுகிறது, கணினி டகரத்தையும் இகரக் குறியையும் இரண்டாக எண்ணுகிறது. அதனால் இந்தப் பெட்டியின் 600 குறியில் ஆங்கிலம் சுமார் நூறு சொல், தமிழ் எழுபது சொல்தான் அடங்கும். தேடலும் அகரவரிசையும்கூட இதே இடத்தில் பிசகுகின்றன. சரிசெய்ய இலக்கணமும் நிரலாக்கமும் சேர்ந்தே வேண்டும். இரண்டும் ஒரே பாடத்திட்டத்தில் இருப்பதால் இந்தப் படிப்பைக் கேட்கிறேன்.

2. இத்துறையில் நீங்கள் செய்த ஒரு பணியை விளக்குக. (1,500 குறிகளுக்குள்)

பிளஸ் டூ செயல்திட்டமாகப் பைத்தானில் 70 வரியில் தமிழ் எழுத்துகளை எண்ணும் நிரல் எழுதினேன். len() குறியீடுகளைத்தான் எண்ணும். ஆகவே மெய்யோ உயிர்மெய்யோ, அகரமேறிய எழுத்தையும் அடுத்து வரும் புள்ளி அல்லது உயிர்க்குறியையும் சேர்த்து ஒன்றாகக் கொள்ளும்படி விதி வைத்தேன். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இந்த விதியில் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. அவற்றுக்கு விதிவிலக்குப் பட்டியல் தனி.

கடினமானது ‘கொ’. ஒற்றைக்கொம்பும் காலும் U+0BC6, U+0BBE என இரு குறியாகவும் இருக்கலாம், U+0BCA என ஒரே குறியாகவும் இருக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் ஒரு வடிவில் ‘கொடி’யைத் தேடினால் மறுவடிவில் உள்ளது சிக்காது. தேடும் சொல், தேடப்படும் பனுவல் இரண்டையும் NFC வடிவுக்கு மாற்றியதும் சரியாயிற்று.

‘கௌ’வுக்கு அந்த வழி உதவவில்லை. பலர் கொம்போடு ளகரத்தை அடித்து ‘கெள’ என்று எழுதுகிறார்கள். ளகரம் தனி எழுத்து, ஔகாரக் குறியின் பகுதி அல்ல. ஆதலால் NFC அதைத் தொடாது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ‘கெளுத்தி’ சிதைந்துவிடும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் விட்டுவிடு, இல்லாவிட்டால் சொற்பட்டியலில் பார் என்று எழுதிய பிறகே பிழை குறைந்தது.

திருக்குறளின் 1,330 பாக்களில் சோதித்தேன். எழுத்துகளோடு, இடைவெளியால் பிரிந்த துண்டுகளையும் எண்ணச் செய்தேன். சீர் பிரித்த பதிப்பில் பாவுக்கு ஏழு துண்டு வந்தது. சொல் பிரித்த பதிப்பில் ஏழைத் தாண்டியது. அது நிரலின் பிழையன்று, பதிப்பின் வழக்கம்.

3. இங்கே எதைக் கற்க விரும்புகிறீர்கள்? (600 குறிகளுக்குள்)

உருபனியல். ‘மரம்’ என்று தேடுபவருக்கு ‘மரத்தில்’, ‘மரங்கள்’ எல்லாம் கிடைக்க வேண்டும். மகரம் கெட்டு அத்துச் சாரியை வருவதை விதியாக எழுதிவிடலாம். ஆனால் ‘வரத்தில்’ என்பது வரமா, நீர்வரத்தா? சொல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பக்கத்துச் சொற்களைப் பார்த்து எது பொருந்தும் என்று கணிக்க வேண்டும். அதற்கு நிகழ்தகவு முறையாகத் தெரிய வேண்டும். பள்ளிப் பாடத்தில் படித்தது போதவில்லை. இறுதியாண்டுச் செயல்திட்டமாகக் கல்லூரி நூலகத்தின் தமிழ் நூற்பட்டியலுக்கு வேர்ச்சொல் தேடல் அமைக்க விரும்புகிறேன்.