ஜூன் 31

சரக்கு வந்திறங்கும் நாளில் அட்டைப்பெட்டியைப் பிரித்து அடுக்குவது என் மகள்தான். நான் சொல்லிக் கொடுத்த வேலையில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பழைய சரக்கு முன்னால், புதுசு பின்னால் என்று அடுக்க வேண்டும், அதற்குத் தேதி பார்க்க வேண்டும், அதனால் பாக்கெட்டின் அடியில் மெஷின் புள்ளி புள்ளியாக அடித்துவிட்டுப் போகும் அந்தப் பொடி எழுத்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எனக்கென்றால் கண்ணாடி தேடவே பத்து நிமிஷம்.

அன்றைக்கு டீத்தூள் பெட்டி. நாலைந்து பாக்கெட் அடுக்கியவள் திடீரென்று கையைப் பொத்தி வைத்துக்கொண்டு விரல் முட்டிகளைத் தொட்டுத் தொட்டு ஏதோ முணுமுணுத்தாள்.

"அப்பா, இந்த டீத்தூள் கெட்டே போகாது."

"ஏன்?"

"31/06/26 வரைக்கும் நல்லா இருக்குமாம். அப்படி ஒரு நாளே வராதே."

வாங்கிப் பார்த்தேன். பேக் செய்த தேதி 01/07/25, எக்ஸ்பயரி 31/06/26. பத்து வருஷத்துக்கும் மேலாக இந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பாக்கெட் என் கைக்கு வந்திருந்தால் பேசாமல் அடுக்கியிருப்பேன். மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தைக் காட்டினாள். ஜூன் அங்கேதான் விழுகிறது. முட்டி என்றால் 31, பள்ளம் என்றால் 30 (பிப்ரவரி மட்டும் தனி வழக்கு).

"சரி, மாசக் கடைசின்னு நினைச்சு யாரோ 31ன்னு தட்டியிருப்பான். ஜூலை ஒண்ணுல இருந்து பன்னிரண்டு மாசம். ஜூன் 30. கணக்கு சரியா வருது, அடுக்கு."

அவள் அடுக்கவில்லை. "பேக் பண்ண தேதியையும் அதே மெஷின்தானே அடிச்சுது? இது தப்புன்னா அது மட்டும் சரின்னு எப்படிச் சொல்றீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலும் கீழும் ஒட்டிய சீல் அப்படியே இருந்தது, அமுக்கினால் காற்று கூடப் போகவில்லை. பிரித்து முகர்ந்து பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் கை துறுதுறுத்தது. ஆனால் பிரித்த பாக்கெட்டை எவன் திரும்ப எடுப்பான்? அதுவுமில்லாமல் டீத்தூள் பக்கத்தில் இருக்கும் வாசனையெல்லாம் இழுத்துக்கொள்ளும், அதனால்தான் சோப்பையும் ஊதுபத்தியையும் அந்த அலமாரிப் பக்கமே விடுவதில்லை. முகர்ந்து பார்த்தாலும் என் மூக்குக்கு என்ன, தேதியா தெரியப் போகிறது.

பெட்டி முழுக்கப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே 31, அதே பேட்ச் நம்பர்.

சாயங்காலம் லைன் சேல்ஸ்மேன் வசூலுக்கு வந்தபோது காட்டினேன். அவர் சிரித்தார். "அண்ணே, ஒரு நாள் வித்தியாசம். இதையெல்லாம் யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாத்தேனே," என்றாள் உள்ளேயிருந்து.

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மேலே கேட்டுச் சொல்வதாகப் போனார். இந்த 'மேலே' எங்கே இருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது, அங்கிருந்து எந்தப் பதிலும் கீழே வந்து நான் பார்த்ததில்லை. விற்பதற்கும் மனசு வரவில்லை, பணம் முடங்கிக் கிடப்பதும் உறுத்தியது. பெட்டியை மூடிக் கல்லாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் வேறு டீத்தூளைக் கொடுத்தேன்.

நாலாவது நாள் அவளே பாக்கெட்டின் முதுகில் இருந்த புகார் எண்ணைக் கண்டுபிடித்துப் போனை நீட்டினாள். நீயே பேசு என்றேன். எனக்கு இதை எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை, தேதி தாண்டிவிட்டது என்றால் சொல்லலாம், தேதியே இல்லை என்பதை என்னவென்று சொல்வது?

ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண் குரல். பேட்ச் நம்பர் கேட்டது, சொன்னாள். எக்ஸ்பயரி ஆகிவிட்டதா என்றது.

"இல்லக்கா. ஆகவே ஆகாது. ஜூன் 31ன்னு போட்டிருக்கு."

"சரிம்மா, அதுக்கு இன்னும் நாள் இருக்கே? தாராளமா யூஸ் பண்ணலாம்."

"அக்கா, ஜூன் 31."

"ஆமாம்மா, ஜூன் முப்பத்தி..."

குரல் நின்றது. கட்டாகிவிட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன். இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அப்புறம் ரொம்ப மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, அந்தப் பக்கம் கேட்டது: "ஜனவரி... பிப்ரவரி... மார்ச்..."

மகள் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"அப்பா, அந்த அக்கா முட்டியில எண்ணுறாங்க."