முன்பணக் கணக்கு: பிடித்தமும் திருப்பித் தரும் தொகையும்

அனுப்புநர்
கு. விசாலாட்சி
நங்கநல்லூர், சென்னை 600 061

பெறுநர்
திரு. இரா. செந்தில்குமார்
சிங்காநல்லூர், கோயம்புத்தூர் 641 005

நாள்: 24.06.2025

பொருள்: நங்கநல்லூர் முதல் மாடி வீட்டின் வாடகை முன்பணம் ரூ. 54,000 திருப்பித் தருவது தொடர்பாக

அன்புள்ள செந்தில்குமார் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் வீடு அமைந்து, நிலாவுக்குப் பள்ளியில் இடமும் கிடைத்துவிட்டது என்று காயத்ரி தொலைபேசியில் சொன்னார். மகிழ்ச்சி. சாவி கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாதத்திற்குள் முன்பணக் கணக்கை முடித்துவிட வேண்டும் என்பது சட்டம். வேலை செய்தவர்களின் ரசீதுகளும் மின்கட்டண பில்லும் கைக்கு வரக் காத்திருந்ததால்தான் இத்தனை நாள் ஆனது.

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வர வேண்டியது ரூ. 42,543. நீங்கள் கொடுத்த முன்பணம் ரூ. 54,000. அதில் பிடித்தம் ரூ. 13,307. உங்களுக்கு நான் தர வேண்டியிருந்த ரூ. 1,850ஐச் சேர்த்திருக்கிறேன்.

சுத்தம் செய்த வகையில்:
சமையலறை சுத்தம் – ரூ. 1,800
பழைய சோபா, மெத்தை அகற்றிய கூலி – ரூ. 1,200
சிங்க் குழாய் அடைப்பு எடுத்தது – ரூ. 600

சேதம்:
வாஷ்பேசின் – ரூ. 2,000
சுவர்த் துளைகள் – ரூ. 900
கொசுவலை, ஒரு ஜன்னல் – ரூ. 650
படுக்கையறைப் பூட்டு – ரூ. 1,450

கட்ட வேண்டியிருந்த பில்கள்:
மின்கட்டணம், ஏப்ரல் பில் – ரூ. 846
மின்கட்டணம், ஜூன் பில்லில் உங்கள் பங்கு – ரூ. 911
குடியிருப்போர் சங்கப் பராமரிப்பு, மே – ரூ. 2,200
தண்ணீர் லாரி, மே – ரூ. 750

இனி ஒவ்வொன்றாக.

வீட்டைச் சுத்தம் செய்ய இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க வேலை செய்தார்கள். மொத்தக் கூலி ரூ. 3,000. அதில் தரையும் குளியலறையும் துடைத்ததற்கான ரூ. 1,200 என் செலவு. குளியலறை ஓடுகளில் படிந்திருந்த வெள்ளைக் கறை நம் போர் தண்ணீரின் உப்பு. யார் குடியிருந்தாலும் அது படியும், அதற்கு உங்களிடம் காசு கேட்க முடியாது. சமையலறை வேறு கதை. அடுப்புக்குப் பின்னால் இருந்த ஓடுகளில் எண்ணெய் தேன்போலக் கெட்டியாகி வழிந்திருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததால் கழற்றி சோடா உப்பு வெந்நீரில் ஊறப்போட்டுத்தான் சுரண்ட முடிந்தது. மூன்று வருடச் சமையலில் புகை படிவது இயல்புதான், ஆனால் இடையில் ஒரு முறையாவது துடைத்திருந்தால் இவ்வளவு கூலி ஆகியிருக்காது.

பரணில் இருந்த சோபாவையும் மெத்தையையும் ‘பிறகு ஆள் அனுப்புகிறேன்’ என்று சொல்லிப் போனீர்கள். ஜூன் 10 வரை காத்திருந்தேன். 8ஆம் தேதி அனுப்பிய செய்திக்கும் பதில் இல்லை. பெயின்ட் அடிக்க வந்தவர்களுக்கு இடம் தேவைப்பட்டதால் ஒரு சிறு வண்டி பிடித்து எடுத்துப் போகச் சொன்னேன். வண்டி வாடகை ரூ. 700, இறக்குக்கூலி ரூ. 500. சோபாவில் விலைபோகும் பொருள் எதுவும் இல்லை என்று எடுத்துப் போனவரே சொன்னார், அதனால் வரவு வைக்க ஒன்றும் இல்லை.

சிங்க் அடைப்பு எடுத்த பிளம்பர் குழாயிலிருந்து இறுகிய கொழுப்புக் கட்டியோடு ஒரு சிறிய எவர்சில்வர் கரண்டியையும் எடுத்தார். கைப்பிடியில் ‘கா’ என்று பெயர் வெட்டியிருக்கிறது. கழுவி எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் உறவினர் யாராவது இந்தப் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சேதம் என்ற வகையில் பெரியது வாஷ்பேசின். 01.06.2022 அன்று இருவரும் கையெழுத்திட்ட பொருள்பட்டியலில் ‘வாஷ்பேசின், நல்ல நிலையில்’ என்று இருக்கிறது. நீங்கள் காலி செய்தபோது குழாய்க்குக் கீழே இருந்து விளிம்பு வரை ஒரு விரிசல். ஏதோ கனமான பொருள் விழுந்திருக்க வேண்டும்; 01.06.2025 அன்று காயத்ரியும் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டார். புதியது ரூ. 2,400, பொருத்தும் கூலி ரூ. 800. பழையது 2020இல் வைத்தது. ஐந்து வருடம் உழைத்த பொருளுக்குப் புதுப்பொருளின் முழு விலையையும் குடியிருந்தவரிடம் வாங்குவது சரியாகப் படவில்லை. எனவே பேசின் விலையில் பாதி ரூ. 1,200, கூலி முழுவதும் ரூ. 800.

ஹாலில் டிவி மாட்ட ஆணி அடிக்கலாம் என்று நானே சொல்லியிருந்தேன், அதை எண்ணவில்லை. படுக்கையறைச் சுவரில் அலமாரிக்காக டிரில் செய்த துளைகளுக்கு என்னிடம் கேட்கவில்லை. ஜன்னலோரத்தில் இருந்தவை காரையோடு பெயர்ந்து வந்திருந்தன. அவற்றை அடைத்துப் பட்டி பார்த்த கூலியும் பொருளும்தான் ரூ. 900.

பெயின்ட் செலவு இதில் சேரவில்லை. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டுக்கென்று பிடித்துக்கொள்வது நம் ஊரில் பலரும் செய்வது. ‘நீங்களும் பிடிப்பீர்களா அம்மா’ என்று நீங்கள் கேட்டது நினைவிருக்கிறது. நம் ஒப்பந்தத்தில் அப்படி எழுதவில்லை. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையும் வெள்ளையடிப்பதை வீட்டு உரிமையாளர் கணக்கிலேயே வைத்திருக்கிறது. வீட்டுக்குக் கடைசியாக பெயின்ட் அடித்தது 2020இல். நீங்கள் தொடர்ந்து இருந்திருந்தாலும் இந்த ஆண்டு நான் அடித்திருக்க வேண்டும். நிலா ஹால் சுவரில் வரைந்த யானையும் அந்த பெயின்டுக்குள் போய்விட்டது, அதற்கும் காசு இல்லை. பூஜை அலமாரியின் எண்ணெய்க் கறையும், அடிப்பக்கம் ஊறிப்போன குளியலறைக் கதவும் அப்படியே.

கொசுவலைகளில் தெற்கு ஜன்னல்களில் இருந்தவை வெயிலில் இற்றுப்போனவை. மாற்றியது என் செலவு. ஹால் ஜன்னலில் மட்டும் கேபிள் கொண்டுவர வலையைக் கத்தியால் அறுத்திருக்கிறார்கள். அறுத்தது கேபிள்காரர்தான் என்று நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். ஆனால் அவரை அழைத்தது நீங்கள். அவரிடம் வாங்க வேண்டியதை நான் வாங்க முடியாது. புது வலையும் கூலியும் ரூ. 650.

படுக்கையறைப் பூட்டுக்கு இரண்டு சாவி கொடுத்தேன், ஒன்றும் திரும்பி வரவில்லை. பூட்டை உடைக்காமல் கழற்றினார்கள். ஆனால் சாவி இல்லாத பூட்டை அடுத்து வருபவருக்குக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு யாரிடமோ அந்தச் சாவி இருக்கலாம் என்ற எண்ணம் வரத்தானே செய்யும். பூட்டும் கூலியும் சேர்த்து ரூ. 1,450. சாமான்களைப் பிரிக்கும்போது சாவிகள் கிடைத்தாலும் அனுப்ப வேண்டாம், பழைய பூட்டு இப்போது வீட்டில் இல்லை.

மின்கட்டணத்தில் இரண்டு பில்கள் இருக்கின்றன. ஏப்ரல் 9ஆம் தேதி கணக்கெடுத்த பில் ரூ. 846. நீங்கள் ஊரில் இல்லாததால், இணைப்பைத் துண்டித்துவிடக் கூடாது என்று கடைசி நாளில் நான் கட்டினேன். திரும்பி வந்து தருவதாகச் சொல்லியிருந்தீர்கள். அடுத்த பில் ஜூன் 9 அன்று வந்தது. இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருந்தது. ஏப்ரல் 9இல் மீட்டர் 21,406. சாவி வாங்கிய ஜூன் 1 அன்று நாம் இருவரும் பார்த்து எழுதியது 21,744. ஜூன் 9இல் 21,758. ஆக 352 யூனிட்டில் உங்களுடையது 338, மீதி 14 வேலைக்காரர்களின் டிரில்லுக்கும் விளக்குக்கும் போனது. பில் தொகை ரூ. 949. அதை 352ஆல் வகுத்து 338ஆல் பெருக்கினால் ரூ. 911. வீட்டுக்கு உள்ள இலவச 100 யூனிட்டின் பலன் பில்லிலேயே கழிந்துவிட்டது, அதில் உங்கள் பங்கும் இந்தக் கணக்கில் வந்துவிடுகிறது.

சங்கத்தின் மே மாதப் பராமரிப்பு ரூ. 2,200க்கான ரசீதைச் செயலாளரிடம் வாங்கி இணைத்திருக்கிறேன். தண்ணீர் லாரிக்கு மே மாதத்தில் வீட்டுக்கு ரூ. 750 வீதம் எல்லோரிடமும் வாங்கினார்கள். மே இரண்டாம் பாதியில் நீங்கள் பெரும்பாலும் ஊரில் இல்லை, தண்ணீர் அதிகம் செலவாகியிருக்காது என்று எனக்கும் தெரியும். சங்கம் ஆள்கணக்குப் பார்ப்பதில்லை, வீட்டுக்கணக்குத்தான். சொத்துவரி, குடிநீர் வாரிய வரி இரண்டும் எப்போதும்போல என்னுடையவை.

இனி அந்த ரூ. 1,850. கடந்த நவம்பரில் சமையலறைச் சுவிட்ச்போர்டு கருகி, உள்ளே ஒயர் மாற்ற வேண்டி வந்தபோது நீங்களே எலக்ட்ரீஷியனை அழைத்துப் பணம் கொடுத்தீர்கள். ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்களே தவிர, ஒரு நாளும் கேட்கவில்லை. சுவிட்ச் மட்டும் என்றால் குடியிருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டியது. சுவருக்குள் ஓடும் ஒயர் உரிமையாளருடையது. இந்த வேலையில் ஒயர்தான் பெரும்பகுதி, பிரித்துப் பார்க்காமல் முழுத்தொகையையும் சேர்த்துவிட்டேன்.

ரூ. 42,543ஐ நீங்கள் வாடகை அனுப்பிவந்த அதே வங்கிக் கணக்குக்கு நாளை, ஜூன் 25 அன்று அனுப்புகிறேன். கணக்கு மாறியிருந்தால் இன்று இரவுக்குள் தொலைபேசியில் சொல்லுங்கள். இந்தப் பட்டியலை நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் பணம் என்பதில்லை. எந்த வரி சரியில்லை என்று தோன்றினாலும் ஜூலை 10க்குள் எழுதுங்கள். ரசீதும் படமும் என்னிடம் இருக்கின்றன, பேசி முடித்துக்கொள்ளலாம், திருத்த வேண்டியிருந்தால் வித்தியாசத்தைத் தனியாக அனுப்புகிறேன். முன்பணம் முழுவதும் பெற்றதாக நான் உங்களிடம் கையெழுத்து கேட்கவில்லை, வங்கிப் பதிவே போதும்.

இன்னொன்று. உங்கள் இன்டர்நெட் மோடம் ஹாலில் இருக்கிறது. அந்த நிறுவனத்திலிருந்து மாதக் கட்டணம் கேட்டு இரண்டு முறை வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார். அது உங்கள் பெயரில் உள்ள இணைப்பு என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை, கட்டவும் இல்லை. ரத்து செய்து மோடத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.

காயத்ரிக்கும் நிலாவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கு. விசாலாட்சி

இணைப்பு: சுத்தக்கூலி, பிளம்பர், வாஷ்பேசின், பூட்டு, கொசுவலை, பட்டி வேலை, வண்டி வாடகை ரசீதுகளின் நகல்கள், இரண்டு மின்கட்டண பில்கள், சங்கத்தின் ரசீதுகள், 01.06.2022 பொருள்பட்டியல் நகல், 01.06.2025 அன்று எடுத்த படங்கள்.